ரெண்டு பெட்டியோடு தொடங்குவோம்: முதல் ஆண்டில் தேனீயைத் தக்கவைப்பது எப்படி?

தேனீப் பெட்டி வாங்கி வைத்த உழவர்களிடம் ஆறு மாதம் கழித்து விசாரித்தால் பலரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: "பெட்டி இருக்குங்க, ஈ ஓடிப்போச்சு." பெட்டி வித்தவர் ஏமாத்திட்டார் என்று சிலர் சொல்வார்கள். நம்ம ஊருக்கு ராசியில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் ஓடிப்போவது இந்தியத் தேனீயின் இயல்பு. மரப்பொந்தில் வாழும்போது பூ வற்றினாலோ, எறும்பு ஏறினாலோ, கூட்டில் மெழுகுப்புழு விழுந்தாலோ அது அடைகளை அப்படியே போட்டுவிட்டு வேறு இடம் பார்க்கப் போய்விடும். அப்படிப் போகத் தெரிந்ததால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. பெட்டிக்குள் வைத்தால் மட்டும் அந்தக் குணம் மாறிவிடுமா?

அதனால் முதல் ஆண்டில் "எத்தனை கிலோ தேன் வரும்" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "இந்த ஈ ஏன் நம்ம பெட்டியில் இருக்கணும்" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு வழி செய்தால் தேன் பின்னாலேயே வரும்.

இங்கே பேசுவது அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றெல்லாம் நாம் சொல்கிற இந்தியத் தேனீயைப் பற்றி மட்டும். இத்தாலியத் தேனீ தேன் அதிகம் தரும். ஆனால் பூவைத் தேடிப் பெட்டிகளை ஊர் ஊராக லாரியில் கொண்டுபோகிறவர்களுக்கே அது கட்டுப்படியாகும். ஒரே இடத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது தீனிச் செலவு, உண்ணித் தொல்லை என்று சுமையாகிவிடும். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் பெட்டியில் அடங்காது. கொசுத்தேனீ அடங்கும், ஆனால் அதன் வளர்ப்பு முறையே வேறு.

எப்போது வாங்குவது?

பெரும்பாலானவர்கள் சித்திரையில் யாரோ தேன் எடுப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு வைகாசியில் பெட்டி வாங்குகிறார்கள். அப்போது பூ முடிந்திருக்கும். அடுத்து வருவது காற்றும் வறட்சியும். வந்து இறங்கிய குடும்பம் முதல் நாளிலிருந்தே பஞ்சத்தில் கிடந்து, ஆடி பிறப்பதற்குள் போய்விடும்.

பூக்காலத்தில் இருந்து பின்னோக்கி எண்ணித்தான் வாங்கும் நாளை முடிவு செய்யணும். ராணி இடும் முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வந்தவுடன் அது பூவுக்குப் போகாது. அறை துடைப்பது, புழுவுக்குத் தீனி கொடுப்பது, அடை கட்டுவது, வாசல் காப்பது என்று இன்னும் இரண்டு மூன்று வாரம் உள்வேலைதான் பார்க்கும். ஆக, இன்று இடப்படும் முட்டை பூவுக்குப் பறக்க ஐந்து ஆறு வாரம் ஆகும். பூ பூத்த பிறகு குடும்பம் பெருகினால், பிறந்த ஈ வேலைக்குத் தயாராகும்போது பூ உதிர்ந்திருக்கும்.

கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். முருங்கைக்குப் பேர்போன ஊர். அங்கே ஒன்றரை ஏக்கர் முருங்கையும் வரப்பில் நாலு வேப்பமரமும் வைத்திருக்கும் உழவர் ஒருவர் ரெண்டு பெட்டி வைக்கிறார் என்று கணக்குப் போடுவோம். அவர் தோட்டத்தில் முருங்கைப் பூ திரண்டு வருவது மாசி நடுவில். அது அடங்கும்போது பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும். இதுதான் அவருடைய தேன் காலம். மாசி நடுவிலிருந்து ஆறு வாரம் பின்னால் போனால் பொங்கல் வருகிறது. அதாவது பொங்கல் சமயத்தில் ராணி நன்றாக முட்டை இட்டுக்கொண்டிருக்கணும். புது இடத்துக்கு வந்த குடும்பம் நிலைகொள்ள பத்துப் பதினைந்து நாள் வேண்டும். எனவே மழை ஓய்ந்த மார்கழியில் பெட்டி அவர் தோட்டத்தில் இறங்கிவிடணும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கும்போது தேன் காலம் தொடங்கும். தென்னந்தோப்புக்காரருக்கு ஆண்டு முழுக்கக் கொஞ்சம் பூ இருக்கும். ஊருக்கு ஊர் மாதம் மாறும். ஆனால் ஆறு வாரக் கணக்கு மாறாது. உங்கள் தோட்டத்தைச் சுற்றி எந்த மாதம் எந்த மரம் பூக்கிறது என்பதை ஓர் ஆண்டு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, பிறகு பெட்டி வாங்கினாலும் தப்பில்லை.

ஏன் ஒன்று இல்லை, ரெண்டு?

ஒரே ஒரு பெட்டி வைத்தால் ராணி செத்துப்போன அன்றே கதை முடிந்துவிடும். ரெண்டு இருந்தால் ஒன்றை வைத்து மற்றதைக் காப்பாற்றலாம். அதோடு, எது நன்றாக இருக்கிறது, எது சோர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க புதியவருக்கு வேறு அளவுகோல் கிடையாது. ஐந்து, பத்து என்று தொடங்க வேண்டாம். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கக் கை பழகுவதற்குள் பஞ்சகாலம் வந்துவிடும்.

பெட்டி நியூட்டன் பெட்டியோ மார்த்தாண்டம் பெட்டியோ போதும். நியூட்டன் பெட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சியில் இருந்த பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீக்கென்றே வடிவமைத்தது. கீழே புழு அறையில் ஏழு சட்டம், மேலே பாதி உயரத்தில் தேன் அறை, அதற்கு மேல் மூடி. ரெண்டு பெட்டியும் ஒரே அளவாக, ஒரே ஆசாரியிடம் செய்ததாக இருக்கட்டும். ஒரு பெட்டியின் சட்டம் இன்னொன்றில் போய் உட்காரணும். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு தேனீ நடந்து போகிற இடைவெளி, சுமார் 8 மில்லிமீட்டர், இருக்கணும். அது கூடினால் குறுக்கே அடை கட்டி ஒட்டிவிடும். அப்புறம் சட்டத்தைத் தூக்கும்போதெல்லாம் அடை கிழியும், ஈ நசுங்கும், தேன் ஒழுகும்.

குடும்பத்தை வாங்கும்போது மூடியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். குறைந்தது நாலு சட்டத்தில் இருபக்கமும் ஈ மூடியிருக்கணும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று சட்டத்தைச் சாய்த்தால் அறையின் அடியில் வெள்ளை நூல் துண்டு போல முட்டை தெரியும். ஓர் அறைக்கு ஒரு முட்டை, அடியில் நடுவில் ஒட்டியிருந்தால் ராணி இருக்கிறது, சரியாக இடுகிறது என்று அர்த்தம். ஓர் அறையில் ரெண்டு மூன்று முட்டை தாறுமாறாகச் சுவரில் ஒட்டியிருந்தால் ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீயே முட்டை இடுகிறது. அந்தக் குடும்பம் தேறாது. மூடிய புழு அறைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருக்கணும். மூடியின் நடுவில் ஊசியால் குத்தியது போல ஓட்டை உள்ள, கொஞ்சம் துருத்திய அறைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை ஆண் தேனீ அறைகள்.

இன்னொரு சோதனையையும் விட்டுவிடக் கூடாது. புழு அறைகளில் மூடி பிய்ந்து, உள்ளே புழு மல்லாந்து, தலையைப் படகு முனை போலத் தூக்கிக்கொண்டு செத்திருந்தால் அங்கிருந்து வந்துவிடுங்கள். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை மாதிரி முழுசாக வரும். இது தாய் சாக்குப்புழு வைரஸ் நோய். 1991-92இல் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீ வளர்ப்பையே முடக்கிப்போட்டது இதுதான். மார்த்தாண்டம் பகுதியில் பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் காலியாயின. இதற்கு மருந்து கிடையாது. அதில் தாக்குப்பிடித்து மிஞ்சிய குடும்பங்களிலிருந்து பெருக்கப்பட்டவைதான் இன்று நாம் வளர்ப்பவை. ஆகவே வளர்ப்பவரிடம் பெட்டியிலேயே பிரித்த குடும்பமாக வாங்குங்கள். மரப்பொந்திலிருந்து நேற்று பிடித்து வந்ததைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பார்கள். பொந்தில் கட்டிய அடையை அறுத்துச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிய குடும்பம், பழகிய கையில் நிற்கும். புதியவர் கையில் பெரும்பாலும் ஓடிவிடும்.

வைக்கும் இடம்

ராத்திரி வாசலை அடைத்து, ஆட்டாமல் கொண்டுவந்து, விடிவதற்குள் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துத் திறந்துவிடணும். வைத்த பிறகு மாற்றக்கூடாது. வயல்வேலைக்குப் போன ஈ பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றிச் சுற்றிச் சாகும். மாற்றித்தான் ஆகணும் என்றால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று அடி நகர்த்தலாம்.

கிழக்குப் பார்த்த வாசல், காலை வெயில், மதியம் நிழல். அரவக்குறிச்சி போலப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் மேற்கே ஒரு தடுப்பு கட்டாயம். சோளத்தட்டை வேலியோ அகத்தி வரிசையோ போதும். பெட்டிக்குப் பெட்டி ஆறடியாவது விடுங்கள். மாடு கட்டும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், பெண்கள் களையெடுக்கத் தினமும் போகும் தடம் ஆகியவற்றுக்கு நேரே வாசல் இருக்கக் கூடாது. கட்டிப்போட்ட மாட்டால் ஓட முடியாது என்பதை மறந்துவிடக் கூடாது. கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். கிள்ளி எடுத்தால் விஷப்பை அமுங்கி இன்னும் இறங்கும். வீங்குவது சாதாரணம். ஆனால் உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ அது ஒவ்வாமை. வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டில் அப்படி யாருக்காவது ஆகியிருந்தால் பெட்டி வைக்கும் யோசனையே வேண்டாம்.

பெட்டித் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கிண்ணம் காய்ந்த ஒரு ராத்திரி போதும், எறும்பு ஏறிவிடும். உயர்ந்து வளர்ந்த ஒரு புல் பெட்டியைத் தொட்டால்கூட அது எறும்புக்குப் பாலம்தான். பக்கத்தில் மண்சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். வெயில் காலத்தில் ஈ அதைக் கொண்டுபோய்த்தான் கூட்டைக் குளிர வைக்கும்.

வந்திறங்கிய முதல் மூன்று நாள் பெட்டியைத் திறக்காதீர்கள். ஓடிவிடுமோ என்ற பயம் இருந்தால் வாசலில் ராணித் தடுப்பு மாட்டலாம். வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழைய முடியாது. ஆனால் நாலைந்து நாளில் எடுத்துவிடணும். ஆண் தேனீயும் அதில் நுழைய முடியாமல் உள்ளேயே சாகும். பசியோடும் எறும்போடும் இருக்கிற குடும்பத்தைத் தடுப்புப் போட்டு நிறுத்திவைப்பது, தண்ணீர் காட்டாமல் மாட்டைக் கட்டிவைப்பது மாதிரிதான்.

ஓடப்போகிறது என்று முன்னாலேயே தெரியும்

இதுதான் புதியவர் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம். இந்தியத் தேனீ நினைத்த மாத்திரத்தில் ஓடுவது அபூர்வம். பெட்டியில் புழு இருக்கும்வரை பெரும்பாலும் அதை விட்டுப் போகாது. போவது என்று முடிவானால் ராணி முட்டை இடுவதை நிறுத்திவிடும். இருக்கிற புழு ஈயாகி வெளியே வந்து, சேமித்த தேனையும் தின்று தீர்த்த பிறகுதான் கிளம்பும். அதாவது ரெண்டு மூன்று வாரம் நமக்கு அவகாசம் இருக்கிறது.

தினமும் பெட்டியைத் திறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். காலை ஏழு, எட்டு மணிக்கு வாசல் பக்கவாட்டில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு ஈ உள்ளே போனால் உள்ளே தீனி கேட்கும் புழு இருக்கிறது. மகரந்தம் வருவது குறைந்துகொண்டே போனால் அன்று திறந்து பார்க்க வேண்டிய நாள். திறப்பதே பத்து நாளைக்கு ஒருமுறை, பத்து நிமிடம் போதும். லேசாக இரண்டு ஊது புகை. சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பார்க்கணும். ராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேதான் விழும். ஆசையில் ரெண்டு நாளைக்கு ஒருதரம் திறந்து பார்ப்பதும் ஓடிப்போக ஒரு காரணம்.

முட்டை இல்லை, தேனும் வற்றியிருக்கிறது என்றால் அன்று சாயங்காலமே தீனி கொடுங்கள். பக்கத்துப் பெட்டியிலிருந்து முட்டையும் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, ஈயை மெதுவாகத் தட்டி உதிர்த்துவிட்டு, இதில் வையுங்கள். புழுவைக் கண்டால் குடும்பம் பெரும்பாலும் தங்கிவிடும். ஆனால் நோய்க்குறி எதுவும் இல்லாத பெட்டியிலிருந்து மட்டுமே சட்டம் மாற்றணும்.

அடிப்பலகையையும் பாருங்கள். வாரம் ஒருமுறை அதைச் சுரண்டித் துடைக்காவிட்டால் மெழுகுத்தூளில் அந்துப்பூச்சி முட்டையிடும். அடையில் சிலந்தி வலை போல நூல் ஓடியிருந்தால் மெழுகுப்புழு புகுந்துவிட்டது. இது ஈ மூடாத அடையில்தான் வரும். ஆகவே குடும்பம் சுருங்கினால் ஈ இல்லாத சட்டங்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஏழு சட்டம் இருக்கிறது என்பதற்காக ஏழும் உள்ளே இருக்க வேண்டியதில்லை.

தீனியும் கருப்பட்டியும்

இயற்கை உழவர்களாகிய நாம் இங்கே ஒரு தப்பு செய்யக்கூடும். வெள்ளைச் சர்க்கரை வேண்டாம், நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ கரைத்து வைப்போம் என்று தோன்றும். மனிதருக்கு எது நல்லதோ அது தேனீக்கு நல்லதாக இருக்காது. வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றில் உள்ள தாது உப்புகளைத் தேனீயால் செரிக்க முடியாது. வயிற்றுப்போக்கு வந்து பெட்டி முகப்பெல்லாம் பழுப்புப் புள்ளியாகக் கழியும், குடும்பம் நலியும். பூவின் மதுரத்துக்கு நெருக்கமானது, வேறு எதுவும் கலக்காத வெள்ளைச் சர்க்கரைக் கரைசல்தான். கடையில் வாங்கிய தேனும் வேண்டாம். எந்தப் பெட்டி நோய் அதில் இருக்கிறதோ தெரியாது.

கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு டம்ளர், சர்க்கரை ஒரு டம்ளர். ஆறியதும் கொட்டாங்குச்சியில் ஊற்றி, ஈ மூழ்காமல் இருக்க ரெண்டு வைக்கோல் துண்டு போட்டு, புழு அறைக்கு மேலே வைத்து மூடிவிடுங்கள். ஒரு குடும்பத்துக்கு வாரத்துக்கு 200 கிராம் சர்க்கரை போதும். இருட்டுகிற நேரத்தில், ரெண்டு பெட்டிக்கும் ஒரே சமயத்தில், சிந்தாமல் வைக்கணும். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டி ஈ கொள்ளையடிக்க வரும். வாசலில் கட்டிப்புரண்டு சண்டை போட்டால் அதுதான். உடனே வாசலை ஓர் ஈ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள்.

இந்தத் தீனி பஞ்சத்தில் உயிரைப் பிடித்து வைக்கவும், தேன் காலத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில் குடும்பம் பெருகவும் மட்டும்தான். தேன் அறை வைப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் நிறுத்திவிடணும். தேன் அறை மேலே இருக்கும்போது சர்க்கரை வைத்தால் நாம் எடுப்பது சர்க்கரைப் பாகு. அதைத் தேன் என்று விற்கிறவருக்கும் கலப்படக்காரருக்கும் வித்தியாசம் கிடையாது.

பக்கத்துத் தோட்டத்து மருந்து

நாம் ரசாயனம் தெளிக்கவில்லை, ஆகவே நம் ஈக்குப் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. இந்தியத் தேனீ ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் சாதாரணமாகப் போய்வரும். ஒரு கிலோமீட்டர் ஆரம் என்றால் 314 ஹெக்டேர், ஏறத்தாழ 775 ஏக்கர். அதில் ஒன்றரை ஏக்கர்தான் நம்முடையது. மிச்சமெல்லாம் மற்றவர்களுடையது. முருங்கைக்கும் கத்தரிக்கும் மருந்தடிப்பவர்களை முன்பே போய்ப் பாருங்கள். "அண்ணே, அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்க, சாயங்காலமா அடிச்சா இன்னும் நல்லது" என்று கேளுங்கள். எடுக்கிற முதல் தேனில் ஒரு பாட்டில் அவர் வீட்டுக்குப் போகட்டும். தகவல் வந்தால் முதல் நாள் ராத்திரியே வாசலைக் கம்பிவலையால் அடைத்து, மேலே காலி அறை வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு பகல் மட்டும் வைக்கலாம். அதற்குமேல் அடைத்தால் வெப்பத்திலேயே செத்துவிடும். ஒரே நாளில் வாசல் முன்னால் குவியலாக, நாக்கை நீட்டியபடி ஈ செத்துக் கிடந்தால் மருந்துதான் காரணம்.

நம் கரைசல்களும் விதிவிலக்கு இல்லை. இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல், வேப்பெண்ணெய், பிவேரியா எதுவானாலும் பூவின் மேல், ஈ பறக்கும் நேரத்தில் தெளிக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு தெளியுங்கள். அதேபோல, இந்தத் தேனை "இயற்கை விவசாயத் தேன்" என்று எழுதி விற்பதும் என் கணக்கில் சரியில்லை. 775 ஏக்கருக்கு நாம் உத்தரவாதம் கொடுக்க முடியாது. "எங்கள் தோட்டத்துப் பெட்டித் தேன்" என்று சொன்னால் போதும்.

தேன் எடுப்பு

நம் அரவக்குறிச்சிக் கணக்குக்கு வருவோம். மார்கழியில் நாலு சட்டத்தோடு இறங்கிய குடும்பம் வாரம் 200 கிராம் சர்க்கரையும் கிடைக்கிற பூவுமாகத் தை கடைசியில் ஆறு சட்டத்தை மூடியிருக்கும். சர்க்கரையை மாசி பிறக்கும்போதே நிறுத்திவிடுகிறார். மாசி நடுவில் புழு அறைச் சட்டங்களின் மேல்விளிம்பில் புது வெள்ளை மெழுகு தெரிகிறது. மேலே தேன் அறை வைக்க அதுதான் அடையாளம். அதற்கு முன்னால் வைத்தால் குளிர்ந்த காலி வீடு மாதிரி கிடக்கும்.

பங்குனி முதல் வாரத்தில் ரெண்டாவது பெட்டியில் மகரந்தம் வருவது குறைகிறது. திறந்தால் முட்டையே இல்லை, ராணியையும் காணோம். முதல் பெட்டியிலிருந்து முட்டைச் சட்டம் ஒன்றை மாற்றுகிறார். அடுத்த முறை பார்க்கும்போது அந்த அடையில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறை கட்டியிருக்கிறது. கட்டினாலே அந்தக் குடும்பத்தில் ராணி இல்லை என்பது உறுதி. புது ராணி வெளிவந்து, பறந்து ஆண் தேனீயோடு சேர்ந்து, முட்டை இட மூன்று நாலு வாரம் ஆகும். அந்த நாட்களில் பெட்டியைக் குடையக் கூடாது, ராணித் தடுப்பும் மாட்டக் கூடாது. ரெண்டாவது பெட்டி அந்த ஆண்டு சொல்லும்படியான தேன் தராது. குடும்பம் பிழைத்ததே பெரிது.

முதல் பெட்டித் தேன் அறையில் முக்கால்வாசி அறைகள் மெழுகால் மூடிய பிறகு எடுக்கிறார். மூடாத தேன் பழுக்காத தேன். தண்ணீர் அதிகம், கொஞ்ச நாளில் நுரைத்துப் புளிக்கும். சட்டத்தைச் சாய்த்து ஓர் உலுக்கு உலுக்கினால் சொட்டினால் இன்னும் ஆகவில்லை. மூடியைக் கத்தியால் சீவி, சுற்றும் இயந்திரத்தில் போட்டால் அடை உடையாமல் தேன் வரும். காலி அடையைத் திருப்பி வைத்தால் அன்றே நிரப்பத் தொடங்கும். இயந்திரத்தைத் தனியாக வாங்க வேண்டாம். நாலைந்து உழவர்கள் சேர்ந்து ஒன்று வைத்துக்கொள்ளலாம். அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கணும். வெளியே எடுத்தால் ஊர் ஈயெல்லாம் கூடும்.

கீழ் அறையைத் தொடவே கூடாது. அங்கே இருக்கிற தேன் அவர்களுடைய சாப்பாடு. அதை அறுத்துப் பிழிந்தால் புழுவும் சேர்ந்து பிழியும், அடுத்த மாதமே பெட்டி காலி. சித்திரை கடைசியில் வேம்பு ஓய்ந்ததும் தேன் அறையிலிருந்து கடைசியாக எடுப்பதையும் விட்டுவிட்டு, அதை மேலேயே வைத்துவிடுகிறார். ஆனி, ஆடிக் காற்றில் ஈ வெளியே போக முடியாத நாட்களுக்கு அது ஆகும். சமவெளியில் முதல் ஆண்டு நல்ல பெட்டி ஒன்றில் மூன்று நாலு கிலோ கிடைத்தால் திருப்திப்படலாம். ஆடியில் அந்தத் தேன் அறை காலியானதும் அதை எடுத்துவிட்டு, மறுபடியும் கொட்டாங்குச்சியில் கரைசல் வைக்கணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அப்படியே. மூடியில் ஒழுகல் இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்து, தகரத் துண்டோ பழைய பிளாஸ்டிக் பையோ போட்டுக் கட்டிவிடுங்கள்.

மார்கழியில் ரெண்டு பெட்டியும் ஈயோடு இருந்து, அதில் ஒன்றிலாவது ஏழு சட்டமும் நிறைந்திருந்தால், மூன்றாவது பெட்டிக்குப் பிரிக்கலாமா என்று அப்போது யோசிக்கலாம். தேன் காலம் முடியும்வரை பிரிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். பிரித்தால் அந்தப் பருவத்தில் ரெண்டுமே அரைக் குடும்பம்தான்.